காலி அறையில் சிப்பிக் காளான்: வாரத்துக்குப் பத்து படுக்கை, இரண்டு கடை, பத்து வீடு

சிப்பிக் காளான் வளர்க்க ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே ஐம்பது படுக்கை போட்டுவிடுகிறார்கள். படுக்கை என்பது வைக்கோலையும் காளான் விதையையும் அடுக்கடுக்காகப் போட்டுக் கட்டின பாலித்தீன் பை. இருபத்தைந்து நாள் கழித்து, இரண்டு மூன்று நாளுக்குள் பத்துப் பதினைந்து கிலோ காளான் மொத்தமாக வந்து நிற்கும், வாங்க ஆள் இருக்காது, அடுத்த வாரம் ஹோட்டல்காரர் கேட்கும்போது கையில் அரைக் கிலோகூட இருக்காது. பறித்த காளான் சாதாரண அறை வெப்பத்தில் ஒரு நாள்தான் நன்றாக இருக்கும். அதனால் வளர்ப்பதைவிட வரிசைப்படுத்துவதைத்தான் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். இந்தப் பதிவில் பத்துக்குப் பத்து அடி அறை ஒன்றை எடுத்துக்கொண்டு, வாரத்துக்குப் பத்து படுக்கை வீதம் போட்டு, வாரம் முழுக்கக் காளான் வருகிற மாதிரி எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். நான் இருப்பது கோபிசெட்டிபாளையம் பக்கம், வாய்க்கால் பாசனத்தில் நெல் விளைகிற ஊர், வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. உங்கள் ஊரில் வெயிலும் வைக்கோலும் வேறு மாதிரி இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் அறை

வீட்டுக்குள் இருக்கிற அறையைவிட, தனிக் கதவு உள்ள அறை நல்லது. மாடியில் இருக்கும் அறை, பழைய தறிக்கூடம், மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறை, எதுவானாலும் சரி. இதற்குக் காரணம் இருக்கிறது. சிப்பிக் காளான் முற்றினால் கோடிக்கணக்கில் நுண்ணிய விதைத்தூள் காற்றில் விடும். அதை நாள்தோறும் சுவாசித்தால் இருமல், மூச்சிரைப்பு, சிலருக்குக் காய்ச்சல் வரைக்கும் போகும். இழுப்பு உள்ளவர்கள், சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் படுக்கையறையை ஒட்டிய அறையில் இதைச் செய்யாதீர்கள். பறிக்கப் போகும்போது நீங்களும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். யூடியூபில் பார்க்கிற பல வீடியோக்களில் இதை ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை.

இன்னொன்று ஈரம். அறைக்குள் நாள் முழுக்க ஈரம் நிற்கும், சுவரில் பூஞ்சை ஏறும். அரிசி மூட்டை, துணி, புத்தகம் எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. ஆரம்பிக்கும் முன் அறையைக் கழுவிக் காயவிட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். ஜன்னலுக்கும் கதவுக்கும் கொசுவலையைவிட நெருக்கமான வலை வேண்டும், ஏனென்றால் காளானைத் தேடி வருகிற ஈ கொசுவைவிடச் சின்னது. தரையில் பாலித்தீன் தாள் விரித்து அதன்மேல் இரண்டு அங்குலம் ஆற்று மணலோ எம்-சாண்டோ கொட்டி நனைத்து வையுங்கள். சுவர் ஓரமாகச் சாக்குப் பைகளைத் தொங்கவிடுங்கள். நனைந்த மணலும் நனைந்த சாக்கும்தான் உங்களுக்கு ஏசி.

ஒரே அறைதான் இருக்கிறது என்றால், அதைத் தார்ப்பாயால் இரண்டாகத் தடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் இருட்டாக, ஈரமில்லாமல், விதை பரவுகிற படுக்கைகளுக்கு. இன்னொரு பக்கம் வெளிச்சமும் ஈரமுமாக, காளான் பூக்கிற படுக்கைகளுக்கு. வீட்டில் வேறொரு சுத்தமான மூலையில் அலமாரி இருந்தால், விதை பரவும் படுக்கைகளை அங்கே வைத்து மேலே கறுப்புத் துணி போட்டு மூடிவிடலாம், அதுவே போதும். அவை காளான் விடாதவரை தூளும் வராது, வாடையும் வராது.

விதை வாங்குவது

காளான் விதை என்பது வேகவைத்த சோளத்தின் மேல் வளர்ந்த வெள்ளைப் பூஞ்சை இழை. பாக்கெட்டாகவோ பாட்டிலாகவோ கால் கிலோ, முந்நூறு கிராம் அளவில் கிடைக்கும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பயிற்சியும் தருகிறார்கள். பெரும்பாலான மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, எங்கள் ஊரில் மைராடா அமைப்பு நடத்துகிறது. அங்கே போய்ப் பயிற்சி எப்போது, விதை எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். 'எங்களிடம் விதை வாங்குங்கள், விளைகிற காளானை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்' என்று முன்பணம் கேட்கிறவர்களிடம் மட்டும் போகாதீர்கள். நாளைக்கு அழுகிவிடும் பொருளுக்கு இன்னொருவர் வாக்கை நம்பி முதல் போடக் கூடாது.

ரகத்தில் வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு என்று பல உண்டு. முதலில் வெள்ளையை எடுங்கள். பார்த்ததும் ஜனங்களுக்குப் பயம் வராது, ஹோட்டலில் பொரியலில் போட்டாலும் நிறம் கெடாது. இளஞ்சிவப்பு வெப்பத்தைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் பறித்ததும் சீக்கிரம் வாடும்.

பாக்கெட்டைக் கையில் வாங்கியதும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சோளம் எல்லாம் வெள்ளையாகப் பஞ்சு பிடித்தமாதிரி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். பச்சையோ கறுப்போ ஒரு பொட்டு இருந்தாலும் வேண்டாம். அடியில் பழுப்பு நிறத்தில் தண்ணீர் கோத்திருந்தாலும், புளித்த வாடை அடித்தாலும் வேண்டாம். வாங்கின விதையை வெயிலில் வண்டி சீட்டில் வைத்துக் கொண்டுவராதீர்கள், அது உயிருள்ள பொருள். சாயங்காலமாக வாங்கிவந்து, மறுநாளே படுக்கை போட்டுவிடுவது நல்லது.

வைக்கோல்: எல்லாம் இங்கேதான் முடிவாகிறது

சமீபத்தில் அறுத்த, மழையில் நனையாத, பொன்னிறமான வைக்கோல் வேண்டும். இப்போது அறுவடை மெஷினுக்குப் பின்னால் உருட்டிக் கட்டுகிற வைக்கோல் கட்டுதான் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. வெளியே பளபளவென்று இருக்கும், வயலில் பனியில் கிடந்திருந்தால் உள்ளே கறுத்திருக்கும். அதனால் கட்டை வாங்கும்போது நடுவில் கையை விட்டு ஒரு பிடி உருவிப் பாருங்கள். மக்கின வாடை வந்தால் மாட்டுக்குப் படுக்கையாகப் போடலாம், காளானுக்கு ஆகாது.

ஒரு படுக்கைக்கு அரைக் கிலோ காய்ந்த வைக்கோல் கணக்கு. ஒரு தடவைக்கு ஐந்து படுக்கை என்றால் இரண்டரைக் கிலோ. அதை இரண்டு அங்குல நீளத்துக்கு வெட்டுங்கள். பக்கத்தில் யாரிடமாவது தீவனம் வெட்டும் மெஷின் இருந்தால் ஒரு மாதத்துக்கு வேண்டியதை ஒரேயடியாக வெட்டி, காய்ந்த சாக்கில் கட்டி வைத்துக்கொள்ளலாம்.

வெட்டினதைச் சாக்கில் போட்டுக் கட்டி, சுத்தமான தண்ணீரில் நான்கைந்து மணி நேரம் ஊறவிடுங்கள். மிதக்கும், மேலே ஒரு கல்லை வையுங்கள். அப்புறம் பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஊறின சாக்கை அப்படியே உள்ளே இறக்கி, மறுபடியும் கொதி வந்ததிலிருந்து முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை வேகவிடுங்கள். மருந்து கலந்த தண்ணீரில் ஊறவைக்கிற முறையும் ஒன்று இருக்கிறது, கார்பென்டாசிமும் ஃபார்மலினும் போடுவார்கள், பெரிய பண்ணைகளில் விறகுச் செலவு மிச்சம் என்று அதைச் செய்கிறார்கள். வாரத்துக்கு ஐந்து கிலோ வைக்கோலுக்கு அது தேவையே இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை சாப்பிடப் போகிற பொருள், வெந்நீரே போதும்.

வெந்த சாக்கைத் தூக்கி மரக்கிளையிலோ கம்பியிலோ தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்ததும், டெட்டால் போட்டுத் துடைத்த தார்ப்பாயில் நிழலில் மெல்லிசாகப் பரப்புங்கள். தூசி பறக்கிற வாசலில் பரப்பாதீர்கள், மின்விசிறியும் வேண்டாம். இனிமேல்தான் முக்கியமான இடம் வருகிறது. எவ்வளவு நேரம் உலர்த்துவது என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, மார்கழியில் ஒரு மாதிரி, ஆவணியில் ஒரு மாதிரி. கையால்தான் பார்க்க வேண்டும்.

ஒரு பிடி வைக்கோலை எடுத்து உள்ளங்கையில் வைத்து நன்றாக இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் இன்னும் காயவேண்டும். சொட்டவே இல்லை, ஆனால் கையைத் திறந்தால் உள்ளங்கை முழுக்க ஈரமாகப் பளபளக்கிறது, வைக்கோலைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது என்றால் அதுதான் பதம். கையில் ஈரமே தெரியாமல், வைக்கோல் சரசரவென்று பிரிந்தால் அதிகம் காய்ந்துவிட்டது, காய்ச்சி ஆறின தண்ணீரைக் கொஞ்சம் தெளித்துப் புரட்டுங்கள். மேலே இருப்பது பதமாக இருக்கும்போது தார்ப்பாயில் படிந்திருக்கும் அடி வைக்கோல் நனைந்தே இருக்கும், அதனால் புரட்டிவிட்டு மூன்று நான்கு இடத்தில் எடுத்துப் பாருங்கள். ஈரம் அதிகமான வைக்கோலில் கட்டின படுக்கையின் அடியில் ஒரு வாரத்தில் மஞ்சள் தண்ணீர் தேங்கும், புளித்த நாற்றம் வரும், விதை அங்கே இறங்காமல் பாதியிலேயே நின்றுவிடும். படுக்கை கெட்டுவிட்டது, விதை சரியில்லை என்று சொல்கிற பலருடைய பிரச்சினை உண்மையில் இந்த ஈரம்தான்.

சூடு முழுக்க ஆறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது விதையைத் தூவினால் விதை செத்துவிடும்.

படுக்கை கட்டுவது

60 செ.மீ நீளம், 30 செ.மீ அகலமுள்ள, இரண்டு பக்கமும் திறந்த பாலித்தீன் பை வேண்டும். ஒரு முனையைக் கயிற்றால் கட்டி, பையை உள்வெளியாகத் திருப்பிவிட்டால் கட்டின முனை உள்ளே போய், அடிப்பாகம் உருண்டையாக உட்காரும். பையின் நடுப்பகுதியில் எதிரெதிராக இரண்டு இடத்தில் பென்சில் பருமனுக்கு ஓட்டை போடுங்கள்.

கையைச் சோப்பு போட்டுக் கழுவி, டெட்டால் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாக்கெட் விதை இரண்டு படுக்கைக்கு. பாக்கெட்டைத் திறந்து, சுத்தமான தட்டில் சோளத்தை உதிர்த்து, முதலிலேயே பாதியாகப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் படுக்கைக்கு அள்ளிப் போட்டுவிட்டு இரண்டாவதற்குப் பற்றாக்குறையாகிவிடும். பையின் அடியில் இரண்டு அங்குல உயரத்துக்கு வைக்கோல் போட்டு, உள்ளங்கையால் அழுத்தி, அதன்மேல் ஒரு கை விதையை ஓரமாகச் சுற்றித் தூவுங்கள். நடுவில் போடுவதைவிட ஓரத்தில் போடுவது நல்லது, அங்கேதான் காற்று கிடைக்கும், வளர்வது கண்ணுக்கும் தெரியும். இப்படியே வைக்கோல், விதை, வைக்கோல், விதை என்று ஐந்து அடுக்கு போடுங்கள். ஒவ்வொரு அடுக்கையும் அழுத்துங்கள். தளர்வாக விட்டால் உள்ளே இடைவெளி விழுந்து, காளான் வெளியே வராமல் பைக்குள்ளேயே முளைத்து அழுகும். கடைசியில் மேலே கொஞ்சம் வைக்கோல் போட்டு மூடி, பையின் வாயை இறுக்கிக் கட்டி, தேதி எழுதின சீட்டை ஒட்டுங்கள். தேதியை விட்டுவிட்டால் பின்னால் சொல்லப்போகிற வரிசை எல்லாம் குழம்பிவிடும்.

விதை பரவும் பதினெட்டு நாள்

இருட்டான பக்கத்தில் படுக்கைகளைத் தனித்தனியாக வையுங்கள் அல்லது தொங்கவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், ஏனென்றால் விதை பரவும்போது படுக்கைக்குள் வெளியே இருப்பதைவிட இரண்டு மூன்று டிகிரி சூடு கூடும். அறை 25 முதல் 28 டிகிரிக்குள் இருந்தால் ரொம்ப நல்லது. இந்த நாட்களில் தண்ணீர் தெளிக்க வேண்டாம். மூன்றாம் நாள் சோளத்தைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு தெரியும், பத்து நாளில் பாதிப் படுக்கை வெளுக்கும், பதினைந்திலிருந்து இருபது நாளுக்குள் முழுக்க வெள்ளையாகிவிடும்.

தினமும் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை நிறத்தில் பொடிப் பொடியாகப் படர்ந்தால் அது பச்சைப் பூஞ்சை. 'ஓரத்தில் கொஞ்சம்தானே' என்று விடாதீர்கள். அந்தப் படுக்கையை அறைக்குள் பிரிக்காமல், ஆட்டாமல், அப்படியே இன்னொரு கவரில் போட்டு வெளியே தூரத்தில் கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். அதிலிருந்து பறக்கிற பொடி மற்ற படுக்கைக்கும் போகும். ஒரே நாளில் கட்டின ஐந்து படுக்கையிலும் பச்சை வந்தால் வைக்கோல் சரியாக வேகவில்லை, அல்லது பரப்பின இடம் சுத்தமில்லை. ஐந்தில் ஒன்றில் மட்டும் வந்தால் அந்தப் பையில் ஏதோ ஓட்டை விழுந்திருக்கிறது, அல்லது கை பட்டதில் வந்திருக்கிறது. குடை மாதிரி ஒல்லியாக முளைத்து மறுநாள் மை மாதிரிக் கறுத்து உருகிவிடுகிற காளான் வந்தால், வைக்கோல் பழையது அல்லது ஈரம் அதிகம் என்று அர்த்தம். அதைச் சாப்பிடவும் கூடாது, விற்கவும் கூடாது, பிடுங்கி எறிந்துவிடுங்கள்.

பூக்க வைப்பது

முழுக்க வெளுத்த படுக்கையை ஈரப் பக்கத்துக்கு மாற்றி, உறியில் தொங்கவிடுகிற மாதிரி ஒரு கயிற்றில் மூன்று நான்கு என்று கட்டுங்கள். பிளேடை வெந்நீரில் கழுவி, பையில் நான்கைந்து இடத்தில் மூன்று அங்குல நீளத்துக்குக் கீறிவிடுங்கள். பாலித்தீனை முழுக்கக் கழற்றிவிடுகிறவர்களும் உண்டு, ஆனால் வீட்டு அறையில் ஈரத்தைக் காப்பாற்றுவது கஷ்டம், அதனால் கீறி விடுவதே எனக்குப் பிடித்த முறை. கொத்தும் கீறல் வழியாக ஒரே இடத்தில் வரும், பறிக்கச் சுலபம்.

இப்போது காளானுக்கு நான்கு வேண்டும்: ஈரம், காற்று, வெளிச்சம், குளிர்ச்சி. வெளிச்சம் பேப்பர் படிக்கிற அளவுக்கு இருந்தால் போதும், நேர் வெயில் படக்கூடாது. ஈரத்துக்கு ஆன்லைனில் கிடைக்கிற சின்ன ஈரமானி ஒன்றை வாங்கி மாட்டுங்கள், 80க்கு மேல் 90க்குள் காட்ட வேண்டும். குறைந்தால் மணலையும் சாக்கையும் நனையுங்கள். படுக்கைக்குக் கைத்தெளிப்பானால் பனித்துளி மாதிரி காலையும் மாலையும் தெளித்தால் போதும், பீய்ச்சி அடிக்காதீர்கள்.

காற்றைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஈரம் போய்விடும் என்று ஜன்னலை மூடியே வைக்கிறார்கள். காளான் நம்மைப் போலவே மூச்சுவிட்டுக் கரியமில வாயுவை வெளியே தள்ளுகிறது. அது அறையில் தேங்கினால் காளானின் தண்டு நீளமாக வளர்ந்து, தலை சின்னப் பொத்தான் மாதிரி நின்றுவிடும். அப்படி வந்தால் காலையும் மாலையும் ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்று மாறவிட்டு, உடனே சாக்கை நனையுங்கள். தலையின் ஓரம் பழுப்பாகி வெடித்தால் ஈரம் பற்றவில்லை. தலை மஞ்சளாகி வழவழவென்று இருந்தால் தண்ணீர் அதிகமாகி அதன்மேலேயே நிற்கிறது. காளானைப் பார்த்தே அறையைத் திருத்திவிடலாம்.

கீறின மூன்று நான்கு நாளில் குண்டூசித் தலை அளவில் மொட்டு வரும். அதிலிருந்து மூன்று நாளில் பறிக்கலாம். எப்போது பறிப்பது என்பதைத் தலையின் ஓரத்தைப் பார்த்துச் சொல்லலாம். ஓரம் லேசாகக் கீழ்நோக்கி மடங்கியிருக்கும்போதே பறித்துவிடுங்கள். ஓரம் நேராக விரிந்து மேலே சுருள ஆரம்பித்தால் தூள் விட ஆரம்பித்துவிட்டது, எடையும் குறையும், நாளும் தாங்காது. காலையில் தண்ணீர் தெளிக்கும் முன் பறியுங்கள். கொத்தை அடியோடு பிடித்து ஒரு திருகு திருகினால் வந்துவிடும். கத்தியால் அறுத்தால் தண்டு மிச்சமாகி அழுகி ஈ வரும். ஈ வந்துவிட்டால் மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிடுங்கள், அழுகினதை அன்றன்றைக்கு அப்புறப்படுத்துங்கள், பூச்சிமருந்துப் பக்கமே போகாதீர்கள்.

ஒரு வாரம் பத்து நாளில் இரண்டாவது பறிப்பு வரும், அப்புறம் மூன்றாவது. மொத்தம் நாற்பத்தைந்து நாளில் ஒரு படுக்கையின் வேலை முடிந்துவிடும்.

வரிசை போடுவது

நல்ல படுக்கை ஒன்று முதல் பறிப்பில் முந்நூறு, இரண்டாவதில் இருநூறு, மூன்றாவதில் நூறு, ஆக அறுநூறு கிராம் தரும் என்று வைத்துக்கொள்வோம். கூடவும் வரும், குறையவும் வரும்.

ஞாயிறு ஐந்து, புதன் ஐந்து என்று வாரத்துக்குப் பத்து படுக்கை கட்டுங்கள். முதல் இருபத்துநான்கு, இருபத்தைந்து நாள் கையில் எதுவும் வராது, அப்போதும் நிறுத்தாமல் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இதில்தான் நிறையப் பேர் பொறுமை இழக்கிறார்கள். ஏழாவது வாரத்துக்கு வரும்போது, ஒரே வாரத்தில் பத்து படுக்கை முதல் பறிப்பிலும், பத்து இரண்டாவதிலும், பத்து மூன்றாவதிலும் இருக்கும். மூன்று கிலோ, இரண்டு கிலோ, ஒரு கிலோ. வாரத்துக்கு ஆறு கிலோ, ஒரே நாளில் குவியாமல் பிரிந்து வரும். இருட்டுப் பக்கத்தில் இருபத்தைந்து படுக்கை, ஈரப் பக்கத்தில் நாற்பது படுக்கை இருக்கும், பத்து பன்னிரண்டு கயிறு. பத்துக்குப் பத்து அறைக்குள் இது அடங்கும்.

இந்த ஆறு கிலோவில் மூன்று கிலோ இரண்டு கடைக்கு, இரண்டு கிலோ பத்து வீட்டுக்கு இருநூறு கிராம் பாக்கெட்டாக, மிச்சம் ஒரு கிலோ வீட்டுக்கும் கழிவுக்கும். கடைக்குக் கிலோ 200 ரூபாய், பாக்கெட் 50 ரூபாய் என்றால் வாரத்துக்கு 1,100 ரூபாய். செலவில் விதை பாக்கெட் 50 ரூபாய் வீதம் ஐந்துக்கு 250, வைக்கோல், பை, விறகு எல்லாம் சேர்ந்து 150, ஆக 400. கையில் நிற்பது 700 ரூபாய், அதுவும் உங்கள் உழைப்புக்குக் கூலி போடாமல். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். மாதம் லட்சம் சம்பாதிக்கலாம் என்று யாராவது சொன்னால், எத்தனை படுக்கை, எத்தனை கடை என்று திருப்பிக் கேளுங்கள். கெடாமல் ஆறு கிலோவும் விற்றுத் தீர்கிறது, இன்னும் கேட்கிறார்கள் என்று ஆன பிறகு வாரத்துக்கு இருபதாக ஏற்றுங்கள். அதற்கு அறையும் இன்னொன்று வேண்டும்.

விற்பது

படுக்கை கட்டின வாரமே கடைக்காரர்களைப் பார்த்துப் பேசிவிடுங்கள். சின்ன ஹோட்டலில் முதலாளியைவிட மாஸ்டர்தான் முடிவு செய்கிறவர். அவருக்குப் பழக்கமானது மொட்டுக் காளான். சிப்பிக் காளானைக் கத்தியால் நறுக்கி மொட்டுக் காளான் மாதிரியே குழம்பில் வேகவிட்டால் அது தண்ணீர் விட்டு ரப்பராகிவிடும், அப்புறம் வேண்டாம் என்றுவிடுவார். அதனால் முதல் தடவை அரைக் கிலோ காசு வாங்காமல் கொடுத்து, கூடவே நின்று, "அண்ணே, நறுக்க வேண்டாங்க, நார் நாராகக் கையிலேயே பிய்ச்சுப் போடுங்க, பெரிய தீயில மிளகு போட்டு வறுத்துப் பாருங்க" என்று சொல்லிக் கொடுங்கள். தண்ணீர் சுண்டும் வரை பெரிய தீயில் வதக்கினால் அதன் சுவையே வேறு. பரோட்டாக் கடைக்குச் சாயங்காலம் நான்கு மணிக்குள், மதியச் சாப்பாடு போடுகிற மெஸ்ஸுக்குக் காலை ஒன்பதுக்குள் போய்ச் சேர வேண்டும். வராத நாள் இருந்தால் முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். ஒரு நாள் சொல்லாமல் விட்டால், அவர் அடுத்த நாள் மொட்டுக் காளான் டப்பாவுக்குப் போய்விடுவார்.

வீடுகளுக்குத் தெரு வாட்ஸ்அப் குழுவில் காலையில் 'இன்றைக்கு ஏழு பாக்கெட்' என்று போட்டாலே போதும். பாலித்தீன் கவரில் ஊசியால் பத்துப் பன்னிரண்டு ஓட்டை போட்டு, கழுவாமல், வைக்கோல் ஒட்டின அடித்தண்டை மட்டும் நறுக்கிவிட்டு நிரப்புங்கள். பறித்த தேதியை எழுதுங்கள். ஃபிரிட்ஜில் மூன்று நாள் இருக்கும், சமைக்கும்போது மட்டும் கழுவச் சொல்லுங்கள். புதிதாகச் சாப்பிடுகிறவர்களிடம், "அக்கா, முதல் தடவை கொஞ்சமா செஞ்சு பாருங்க" என்று சொல்வது நல்லது, சிலருக்குக் காளான் ஒத்துக்கொள்ளாது.

நாள் கணக்கும் பார்க்க வேண்டும். புரட்டாசியில் பாதித் தெரு கறி சாப்பிடாது, அந்த ஒரு மாதம் எவ்வளவு காளான் வந்தாலும் போய்விடும். புரட்டாசி பிறப்பது செப்டம்பர் 17 வாக்கில், முதல் பறிப்புக்கு இருபத்தைந்து நாள், ஆக ஆகஸ்ட் 20லிருந்தே வாரத்துக்குப் பத்துக்குப் பதில் பதினைந்து படுக்கை கட்ட ஆரம்பிக்க வேண்டும். கார்த்திகையில் மாலை போடுகிறவர்களுக்கும், தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்களின் விரதத்துக்கும் இதே கணக்குத்தான். அமாவாசைக்குச் சில வீடுகளில் காளானும் சமைக்க மாட்டார்கள், கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

விற்காமல் மிஞ்சினால் அன்றைக்கே பிய்த்து, சுத்தமான துணியில் வெயிலில் காயப்போடுங்கள். சிப்பிக் காளான் நன்றாகக் காயும், பத்து கிலோ ஒரு கிலோவாகச் சுருங்கும். ஒடித்தால் சட்டென்று உடைய வேண்டும், அப்போது காற்றுப் புகாத டப்பாவில் மாதக்கணக்கில் இருக்கும். சூப்புக்கு அரைத்துப் போடலாம்.

வெயில் காலம்

எங்கள் பக்கம் ஏப்ரல், மே வெயிலில் சிப்பிக் காளானைச் சாதாரண அறையில் எடுப்பது வீண் வேலை. முப்பது டிகிரியைத் தாண்டினால் மொட்டு வந்தும் கருகும். ஒரு படுக்கைக்கு நாற்பத்தைந்து நாள் என்பதால் பிப்ரவரி கடைசியோடு கட்டுவதை நிறுத்திவிடுங்கள், ஏப்ரல் நடுவில் கடைசிப் பறிப்பு முடிந்துவிடும். கடைக்காரர்களிடமும் மார்ச்சிலேயே சொல்லிவிடுங்கள். வெயிலிலும் வருவது பால் காளான், அதற்குப் படுக்கையின் மேல் வெந்த மண் போட வேண்டும், அது தனி வேலை, தனிப் பதிவு.

முடிந்த படுக்கைகளை அவிழ்த்து, வைக்கோலைத் தென்னை மரத்தடியிலோ மண்புழுத் தொட்டியிலோ போடுங்கள். மணலை வெளியே அள்ளி வெயிலில் காயவைத்து, சாக்கை வேகவைத்து உலர்த்தி, அறைக்கு மறுபடி சுண்ணாம்பு அடித்து, ஜன்னல் கதவைத் திறந்தே போட்டுவிடுங்கள். ஆடியில் காற்றடித்து வெப்பம் இறங்கினதும் அடுத்த முறைக்கு விதை சொல்லிவைக்கலாம்.